பன்னிரண்டு புத்தகம், அறுபது பேர், ஒரு 2/5

ஆறாம் வகுப்பு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல். இரண்டு பிரிவைச் சேர்த்து உட்கார வைத்ததில் அறுபது பேர். கையில் இருந்த புத்தகம் பன்னிரண்டு. ஐந்து பேருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும். நடுவில் இருப்பவர் படிப்பார், பக்கத்தில் இருவர் எட்டிப் பார்ப்பார்கள், எதிரில் இருப்பவர்களுக்குப் பக்கம் தலைகீழாகத் தெரியும். பாடவேளை முழுக்கப் புத்தகம் இருந்தும் பாதிப் பேர் ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அதனால் சுழற்சி. ஆறு பேராகப் பத்துக் குழு, ஐந்து வேலை, ஒவ்வொரு வேலையிலும் ஒரே நேரத்தில் இரண்டு குழு. புத்தக வேலையில் எப்போதும் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள் என்பதால் ஆளுக்கொரு புத்தகம், முழுசாகப் பன்னிரண்டு நிமிடம். அடுத்தடுத்த இரண்டு பாடவேளை எண்பது நிமிடம். அதில் வேலைக்கு அறுபது, நான்கு மாற்றத்துக்கு எட்டு, ஆரம்பத்தில் ஏழு, முடிவில் ஐந்து. நெரிசலான அறையில் பிள்ளைகளை நகர்த்தினால் இந்த எட்டு நிமிடம் இருபதாகிவிடும். வேலைக்கான பொருள்களை வைத்த தட்டுகள்தான் பெஞ்சுக்குப் பெஞ்சு போக வேண்டும். ஐந்தாவது வேலையாகக் கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியரிடம் வரவேண்டிய பன்னிரண்டு பேர் மட்டும் எழுந்து வந்து திரும்புவார்கள்.

தட்டு நான்கு வகை. ஒன்றில் கணக்கு அட்டை. இன்னொன்றில் 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய செய்தித்தாள் பட்டைகள். முதலில் பட்டையை மூன்றாக மடிக்கச் சொல்லிப் பார்த்தது சரிவரவில்லை, பாதிப் பேர் நான்காக மடித்து வைத்திருந்தார்கள். நீளம் 12 என்றால் அளவுகோலே போதும். பாதி 6, மூன்றில் ஒன்று 4, சேர்த்தால் 10. பட்டையை இரண்டிரண்டு செ.மீ.யாகப் பிரித்தால் ஆறு துண்டு, அதில் ஐந்து. 5/6 கண்ணெதிரே வந்துவிடும். மூன்றாவது தட்டில் தவறு அட்டை: ‘1/2 + 1/3 = 2/5. இது ஏன் தவறு?’ நான்காவதில் புத்தகங்கள், பக்கத்தைத் திறந்தபடி. கைமாறும்போது ஆறு இருக்கிறதா என்று எண்ணித்தான் அனுப்ப வேண்டும்.

தவறு அட்டைக்கு விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. 5-இல் பாதி இரண்டரை. ஆகவே 2/5 பாதியைவிடச் சின்னது. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறையுமா? எந்த வரிசையில் வந்தாலும் இந்த அட்டை வேலை செய்யும்.

கணக்கு அட்டை அப்படி இல்லை. அதோடு தொடங்கும் குழுவுக்குப் பட்டை, தவறு அட்டை, புத்தகம் எல்லாம் முடிந்து, ஆசிரியர் கடைசியில்தான். ஒன்றும் தெரியாமல் நான்கு கணக்கைப் போட வேண்டும். மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டிவிட்டார்கள்.

அந்தக் குழு கரும்பலகைக்கு வந்தபோது ஒரு பெண் நோட்டை மூடியபடி கேட்டாள்: “டீச்சர், என் நோட்டைப் பாத்தா அந்தத் தவறு அட்டைய எழுதுனீங்க?”

“இல்லம்மா, நேத்து ராத்திரியே எழுதினது.”

“அப்ப நாங்க இப்படித்தான் போடுவோம்னு நேத்தே தெரியுமா? தெரிஞ்சும் ஏன் கணக்குத் தட்டை முதல்ல எங்களுக்குக் குடுத்தீங்க?”

ஐந்து வேலை என்றால் யாராவது ஒரு குழு அதில் தொடங்கித்தான் ஆக வேண்டும். இது கணக்குப்படி சரியான பதில், அவளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. முதலில் எல்லாருக்கும் பொதுவாக நடத்திவிட்டுச் சுழற்சியைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அறுபது பேருக்கு நடத்தினால் ஏழு நிமிடம் இருபதாகும், ஒரு தட்டை எடுத்துவிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் எடுத்துவிடுவது புத்தகத்தைத்தான்.

முடிவில் எல்லாரும் துண்டுச் சீட்டில் ஒரே கணக்கைப் போட்டுக் குழு எண்ணோடு கொடுத்தார்கள். அவள் குழுவின் சீட்டுகளில் 2/5 வகைத் தவறு இல்லை. ஆசிரியரிடம் முதலில் வந்த குழுக்களில்தான் அது மறுபடி தலைகாட்டியது. அவர்கள் பாடம் கேட்டு முக்கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியானால் அவளை முதலில் தவறு செய்யவிட்டது நல்லதா? அப்படிச் சொல்லிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது. கரும்பலகையிலிருந்து அப்போதுதான் எழுந்து போனவர்கள் சரியாகப் போட்டதை வைத்து எதைச் சொல்வது? ஒரு வாரம் கழித்து அதே சீட்டைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை.

இப்போது கணக்கு அட்டைக்கு இரண்டு பக்கம். ஆசிரியரிடம் இன்னும் வராதவர்களுக்கு முன்பக்கம்: 2/7 + 3/7 போன்ற, ஏற்கெனவே தெரிந்த ஓரினக் கணக்குகள். வந்துவிட்டவர்களுக்குப் பின்பக்கம். வகுப்பு அமைதியாக ஓடுகிறது, யாரும் நோட்டை மூடிக்கொண்டு வருவதில்லை. தவறு அட்டையை மட்டும் முன்போல யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அது இப்போது யாரோ செய்த தவறு.