மன்னிப்பு எழுதுவது எளிது, அடுத்து என்ன என்று எழுதுவதுதான் பாடு

ஈரோட்டுப் பக்கம் இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடைக்கு, புகார் உரையாடல்களைப் படித்துப் பதில் எழுதிக் கொடுக்கும் வேலையை ஒப்புக்கொண்டேன். தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தால் போதும் என்றார் முதலாளி. அது போதாது என்பது முதல் புகாரிலேயே தெரிந்துவிட்டது.

வாடிக்கையாளர் ஓர் அம்மா. இரண்டு பருத்திச் சேலைகள், பொருள் வந்ததும் பணம். அவற்றில் ஒன்று மயில் கழுத்து நிறத்தில் வர வேண்டியது, மாம்பழ மஞ்சளில் வந்துவிட்டது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்கான உரையாடல் வாட்ஸ்அப், கடையின் இணையதள அரட்டை, இன்ஸ்டாகிராம் என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று கடை சார்பில் ஆள் மாறி மாறிப் பேசியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்த அம்மா எதை அனுப்பினாலும் ‘தொடர்பு கொண்டமைக்கு நன்றி’ என்ற தானியங்கிச் செய்தி பூங்கொத்துப் படத்தோடு போயிருக்கிறது. ‘நாசமாய்ப் போக’ என்று எழுதியதற்கும் பூங்கொத்துதான்.

வாட்ஸ்அப் உரையாடலை எனக்கு ஏற்றுமதி செய்து அனுப்பியவர் படங்களை விட்டுவிட்டார். முக்கியமான இடத்திலெல்லாம் `<Media omitted>` என்று நின்றது. அவற்றில் ஒன்று பார்சல் ஒட்டுச்சீட்டோடு சேர்த்து எடுத்த சேலைப் படம். முதல் நாளே அனுப்பிய அந்தப் படத்தை இரவுப் பணியாளர் மறுபடி கேட்டிருக்கிறார், அடுத்த நாள் பகல் பணியாளரும் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவின் கோபத்தில் பாதி இங்கே பிறந்ததுதான். ஏற்றுமதி செய்பவரிடம் படங்களும் குரல் பதிவுகளும் சேர்த்தே வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று உரையாடல்களையும் நேர வரிசையில் ஒரே தாளில் கோத்தேன். நேரம், யார் சொன்னது, என்ன நடந்தது, நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், அதற்குச் சான்று எது என்று ஐந்து பத்திகள். வசவுகளுக்குப் பத்தி கிடையாது. ஆனால் விளிப்பைக் கவனிக்க வேண்டும். முதலில் ‘அண்ணா’ என்று ஆரம்பித்தவர், பிறகு ‘சார்’ ஆக்கி, கடைசியில் விளிப்பே இல்லாமல் எழுதுகிறார். எந்த இடத்தில் அண்ணா சார் ஆனாரோ அந்த இடத்துக்குச் சற்று மேலே தேடினால், நிறைவேறாத ஒரு வாக்கு அகப்படும். இங்கே அகப்பட்டது இரவுப் பணியாளரின் வரி: ‘24 மணி நேரத்தில் பணம் வந்துவிடும்.’ சேலையே இன்னும் திரும்பி வரவில்லை. யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாரோ தெரியாது.

இன்னொரு சிக்கல் கூரியர் பதிவு. செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் மாலை 6 வரைக்குள் சேலையை எடுக்க ஆள் வருவார் என்று சொல்லப்பட்டிருந்தது. பதிவில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று இருந்தது. கடையில் எல்லோரும் அதை நம்பி, நீங்கள்தான் வீட்டில் இல்லை என்று அவருக்கே பதில் அனுப்பியிருந்தார்கள். பதிவின் நேரத்தைப் பார்த்தேன்: இரவு 9.47. அதே இரண்டு நிமிடங்களுக்குள் எங்கள் கடையின் வேறு மூன்று பார்சல்களுக்கும் அதே காரணம் பதிவாகியிருந்தது. மூன்றும் வெவ்வேறு ஊர்கள். எந்த வீட்டுக்கும் போகாமல், நாள் முடிவில் உட்கார்ந்து ஒட்டுமொத்தமாகத் தட்டிவிட்ட பதிவு அது. ஆகவே இதுபோன்ற புகார்களில் காரணத்தை நம்புவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள்.

இத்தனை செய்திகளிலும் அந்த அம்மா கேட்டது இரண்டே கேள்விகள். சேலையை யார், எப்போது எடுப்பார்கள்? பணம் எப்போது வரும்? அதற்குப் பதில் தெரியாமல் மன்னிப்பு மட்டும் எழுதினால் இன்னொரு பூங்கொத்தாகத்தான் போகும். பதிலைத் தேடிப் போன இடத்தில்தான் என் பாடு ஆரம்பித்தது. கிடங்கில் கேட்டால், சேலை வந்து சேர்ந்து, பரிசோதனை முடிந்தால்தான் ஒப்புதல் என்றார்கள். கணக்குப் பிரிவில் கேட்டால், கிடங்கு எழுதித் தந்தால்தான் பணம் என்றார்கள். எத்தனை நாள் என்றதற்கு இருவரும் மற்றவரைக் கை காட்டினார்கள். முதலாளியோ, ‘அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்று போட்டால் போதும் என்றார். ஏற்பட்டிருந்தாலாம்! பெட்டியைத் திறந்தவுடன் மஞ்சளாக நிற்கிறது சேலை.

கடைசியில் அவரை அசைத்தது நான் தயாரித்த தாள்தான். அதில் அந்த அம்மா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் குறிப்பிட்ட வரியைக் காட்டினேன். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். தவறு நம்முடையது, படமும் இருக்கிறது, பரிசோதிக்க என்ன மிச்சம் என்று கேட்டபோது, கூரியர் ஆள் சேலையைக் கையில் வாங்கிய அன்றே பணம் அனுப்பலாம் என்று இறங்கி வந்தார். அதன் பிறகு பதில் எழுதச் சிறிது நேரமே பிடித்தது.

‘வணக்கம் மேடம். நீங்கள் மயில் கழுத்து நிறம் கேட்க, மாம்பழ மஞ்சள் சேலையை அனுப்பியது எங்கள் தவறு. செவ்வாய்க்கிழமை நீங்கள் காத்திருந்தும் யாரும் வரவில்லை. வீட்டில் இல்லை என்று உங்கள் மீதே பழி போட்டோம். 24 மணி நேரத்தில் பணம் என்று சொன்னதையும் காப்பாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை காலை 10 முதல் 1 மணிக்குள் சேலையை எடுக்க ஆள் வருவார். எடுத்த அன்றே ரூ.1,180 அனுப்பிவிட்டு, அதற்கான யூடிஆர் என்ற பரிவர்த்தனை எண்ணை இங்கே தருகிறோம். உங்கள் யூபிஐ முகவரி மட்டும் போதும். பணம் பெற யூபிஐ பின் எண்ணோ ஓடிபியோ தேவையில்லை. எங்கள் பெயரில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை 1 மணி வரை யாரும் வராவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்.’

பின் எண் பற்றிய வரி அதிகப்படி என்று கடையில் நினைத்தார்கள். இன்ஸ்டாகிராமில் அந்த அம்மா பகிரங்கமாகப் புகார் எழுதியிருந்தார். அப்படி எழுதுபவர்களைத் தேடிப் பிடித்து, கடையின் ஆள் போலப் பேசிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. பொருள் வந்ததும் பணம் என்ற முறையில் வாங்கியவருக்குத் திருப்பி அனுப்ப நாமே யூபிஐ முகவரி கேட்க வேண்டியிருப்பதால், எது வரை கேட்போம் என்பதையும் நாமே சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆள் வந்தார், பணம் போனது, ‘வந்துவிட்டது, நன்றி’ என்று பதில் வந்தது. அண்ணா திரும்பி வரவில்லை, பரவாயில்லை.

அடுத்த வாரம் பார்த்தால், என் பதில் நன்றாக இருக்கிறதென்று அதையே எல்லாப் புகாருக்கும் ஒட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். போர்வையில் கிழிசல் என்று எழுதிய ஒருவருக்கு மாம்பழ மஞ்சள் சேலைக்காக மன்னிப்புக் கேட்டு, ரூ.1,180 தருவதாகவும் சொல்லியாகிவிட்டது. போர்வையின் விலை அதில் பாதிகூட இல்லை. அவர் யூபிஐ முகவரியை உடனே அனுப்பிவிட்டார். இப்போது அந்த உரையாடலுக்கும் தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.