சுளகுக் காற்றில் பறந்த சட்டை

மூன்று சனிக்கிழமை செலவழித்து 41 செக்கன் வீடியோ ஒன்று எடுத்து முடித்திருக்கிறோம். ஒருத்தன் திருகோணமலை டச்பே கடற்கரையில் நடந்து வந்து பாண் வாங்கப் பார்க்கிறான். கதை அவ்வளவுதான். பாண் வாங்க வாறவனுக்கு, ஊரைக் காப்பாற்ற வாறவனுக்குக் கொடுக்கிற அறிமுகக் காட்சியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. நாயகன் என் மச்சான். கமரா நான். மற்ற வேலையெல்லாம் தம்பி.

முதல் சனி, காலை ஆறரைக்கே போய்விட்டோம். அங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து வருவது பெரிய வசதி. கரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்து எடுத்தால் வெளிச்சம் ஆளுக்குப் பின்னால் நிற்கும், முகம் தெரியாது. படங்களில் முதலில் செருப்பு, பிறகு கை, பிறகு பிடரி என்று காட்டி, முகத்தைக் கடைசிவரை ஒளித்து வைப்பார்களே, எங்களுக்கு அது ஒரு செலவும் இல்லாமல் கிடைத்தது.

காற்றுத்தான் சதி செய்தது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையை நோக்கி நடக்கிறவனுக்கு நேரே முகத்தில் பட்டு, சட்டையைப் பின்னால் பறக்க விடும். ஆனால் அது பலமாகப் பிடிக்கிற நேரத்தில் சூரியன் உச்சிக்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் ஒரு இலை அசையவில்லை. மச்சானின் சட்டை ஈரத்துவாய் மாதிரித் தொங்கியது. தம்பி ஓடிப்போய் அம்மம்மாவின் சுளகைக் கொண்டுவந்து, அவன் முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து விசிறினான்.

அதை 240 பிரேமில் எடுத்தேன். செக்கனுக்கு 240 படம் எடுத்து, 30 படமாக ஓடவிட்டால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். ஆறு காலடி வைக்க மூன்று செக்கன் போகும், அது 24 செக்கனாக நீண்டது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது இரண்டு கோளாறு. தம்பி செக்கனுக்கு இரண்டு தரம் சுளகை அடித்திருக்கிறான். எட்டு மடங்கில் சட்டை நான்கு செக்கனுக்கு ஒரு தரம் மெல்ல எழும்பி, மெல்லப் படிந்தது. மூச்சு வாங்குகிற பிராணி ஒன்றைச் சட்டைக்குள் வைத்திருக்கிற மாதிரி. இது சிரிப்பாக இருந்ததால் பிழையென்று சொல்ல மாட்டேன்.

மற்றக் கோளாறுதான் பெரிது: காட்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. பின்வெளிச்சம், அலை, பறக்கிற தலைமயிர். மாமி பார்த்துவிட்டு, "அட, பிள்ளை நல்ல வடிவா நடக்குது" என்றா. கேலி செய்யப் போய் அவனுக்கு உண்மையான அறிமுகக் காட்சியையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் சனி தூசிக்கே போய்விட்டது. நாயகன் காலை ஊன்றும்போது புழுதி கிளம்ப வேண்டும். கடற்கரை மணல் பாரம். உதைத்தால் எழும்பி அப்படியே விழும், புகையாக நிற்காது. கோதுமை மாவை எடுத்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மிச்சம். கடைசியில் பழைய சொக்ஸ் ஒன்றுக்குள் முகப்பவுடரைக் கொட்டி முடிச்சுப் போட்டு, கால் பதிகிற இடத்தில் வைத்து மேலே கொஞ்சம் மணல் தூவினோம். மிதித்தால் துணிக்குள்ளால் பொசுக்கென்று வெளியே வரும். பின்வெளிச்சத்தில் அது அருமையாகத் தெரியும். கமராவைச் சூரியன் பக்கம் முதுகைக் காட்டித் திருப்பினால் அதே பவுடர் கண்ணுக்கே படாது.

அன்று எடுத்ததில் மிகச் சிறந்த துண்டு நாங்கள் திட்டமிடாதது. நாயகன் வரும்போது சுற்றியிருக்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டுமல்லவா? எங்களிடம் ஆள் இல்லை. திருகோணமலை ரவுணுக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் அதிசயம். ஒன்று எதையோ சப்பிக்கொண்டு எங்களையே பார்த்தது. மெதுவாக்கிப் பார்த்தால் அதன் தாடை இடமும் வலமுமாக அரைத்துக்கொண்டே இருக்கிறது, முகத்தில் மரியாதை என்ற ஒன்று இல்லை. நாயகனின் கால், மான், நாயகனின் கை, மான் என்று வெட்டி ஒட்டினேன். மூன்றாவது தரம் மான் வரும்போது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனாலும் முடிவில் சிரிக்க வைக்கிற கடைசி அடி இல்லை. அதைத் தந்தது தம்பிதான். கமரா ஓடாத நேரத்தில், மச்சானைப் போல நடந்து காட்டுகிறேன் என்று வேணுமென்றே மெதுவாக நடந்தான். பின்னால் ஒரு சைக்கிள் சாதாரண வேகத்தில் மணியடித்துக்கொண்டு கடந்து போனது. அப்போதுதான் பிடிபட்டது. கமரா மெதுவாக்கினால் உலகமே அவனோடு சேர்ந்து மெதுவாகிவிடும், அதனால் அவன் நாயகன். அவன் மட்டும் மெதுவாகி உலகம் அதன்பாட்டில் போனால், அவன் விசரன்.

ஆகவே மூன்றாம் சனி இரண்டையும் ஒட்டினோம். முதல் 26 செக்கன் உண்மையான ஸ்லோமோஷன். இந்த முறை 120 பிரேம், நான்கு மடங்கு மட்டும். பிறகு திடீரென்று தூரத்திலிருந்து சாதாரண வேகத்தில் ஒரு அகலக் காட்சி. அதில் மச்சான் உண்மையாகவே அப்படி ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறான். ரோட்டில் பாண் ஓட்டோ அதன் பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது, நிற்கிறது, சனம் வாங்குகிறது, ஓட்டோ போகிறது. மச்சான் இன்னும் நான்கு எட்டுத்தான் வைத்திருக்கிறான்.

போலியாக மெதுவாக நடப்பது நினைத்ததைவிடக் கஷ்டம். சாதாரண நடையில் நாங்கள் முன்னால் சரிந்து, விழுவதற்குள் அடுத்த காலைப் போட்டுக்கொள்கிறோம். மெதுவாக நடந்தால் அந்தச் சரிவு இல்லை, ஒவ்வொரு எட்டுக்கும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மச்சான் கொக்குப்போல ஆடினான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எட்டைச் சின்னதாக்கச் சொன்னதும் சரிவந்தது. வெட்டுகிற இடத்தையும் இரண்டு காலும் நிலத்தில் இருக்கிற பிரேமில் வைத்தேன். கால் அந்தரத்தில் நிற்கும்போது வெட்டினால் தாவித் தெரிகிறது.

பாண்கார அண்ணை, "தம்பி, ரெண்டு நிமிசந்தான் நிப்பன், மற்ற ஒழுங்கையில ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்குங்கள்" என்றார். ஆகவே ஒரே தரம்தான் எடுத்தோம். அதிலும் மச்சான் நடுவில் மணலை உதைத்துவிட்டான். ஆள் ஆமைவேகம், மணல் மட்டும் அரைச் செக்கனில் தொப்பென்று விழுகிறது. மெதுவாக நடக்கலாம், மணலை மெதுவாக விழ வைக்க ஏலாது. திருட்டைக் காட்டிக்கொடுத்த அந்த மணலை நான் வெட்டவில்லை. வீட்டில் ஆகக்கூடச் சிரித்தது அதற்குத்தான்.

இன்னும் உறுத்துவது அவனுடைய கண். உண்மையான ஸ்லோமோஷனில் ஒரு இமை மூடித் திறக்க ஒரு செக்கனாவது போகிறது, குடிகாரன் மாதிரி இருக்கிறான். போலி நடையில் டக்கென்று மூடித் திறக்கிறது. இரண்டையும் மறைக்க மாமாவிடம் கறுப்புக் கண்ணாடி கேட்டிருக்கிறேன். நாயகர்கள் எல்லோரும் ஏன் அதைப் போடுகிறார்கள் என்று இப்போது எனக்கு ஒரு சந்தேகம்.

அம்மம்மா சுளகைத் தட்டிப் பார்த்தா. "அரிசிக்க மண் வருது. ஆர் கொண்டுபோனது?" தம்பி மிக மெதுவாக எழும்பி, மிக மெதுவாக வெளியே நடக்கத் தொடங்கினான்.