மனைக்கல்லுக்கு மஞ்சளா, வெள்ளையா

"அண்ணே, மனைக்கல்லுன்னா மஞ்சள்லதான் இருக்கும். காவேரிப்பட்டணம் போற வழியில நீங்களே பார்த்தீங்கல்ல?" என்று இயக்குநர் கேட்டார். "வெளியில இருக்கட்டும் தம்பி. நம்ம படத்துல வெள்ளை" என்றேன். கடைசிக் காட்சிக்கான 24 கற்களுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, எடுத்து முடித்தோம். அந்தப் பதில் சரிதானா என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.

12 நிமிடக் குறும்படம், 11 காட்சிகள். மாந்தோப்பை விற்கச் சொல்கிற மகன், விட மனசில்லாத அம்மா. கடைசியில் தோப்பு மனைகளாகிறது. வசனத்தை நிறுத்திவிட்டு, முகங்களையும் மறைத்துவிட்டு, வெறும் நிறத்தைப் பார்த்தாலே அம்மாவின் மனசு எங்கே நிறைகிறது, எங்கே வற்றுகிறது என்று தெரியவேண்டும். இதுதான் முதல் நாளே பேசி வைத்த நிபந்தனை. படம் நெடுக நிறம் எப்படி மாறுகிறது என்று வரிசையாகக் காட்டும் கலர் ஸ்கிரிப்ட் போட்டதே இதற்காகத்தான்.

பலரும் காட்சிக்கு ஒரு கட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைவார்கள். அது ஏமாற்றும். 20 விநாடிக் காட்சியும் 2 நிமிடக் காட்சியும் தாளில் சமமாகத் தெரியும், திரையில் அப்படி இருக்காது. அதனால் 10 விநாடிக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்து, 72 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டியாக ஒட்டினோம். பத்திரப்பதிவு அலுவலகக் காட்சி 11 சென்டிமீட்டர் வந்தது. மனைக்கல் காட்சி மூன்றரைதான். பட்டியில் முகம், மரம் எதையும் வரையக் கூடாது. வரைந்தால் பார்ப்பவர் கதையைப் படித்துவிடுவார், நிறத்தைப் படிக்க மாட்டார். ஒரு கட்டத்தில் அதிகபட்சம் மூன்று நிறம், அவை திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற அளவோடு.

நிறத்துக்கு முன்னால் அதே பட்டியைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை நான்கே சாம்பல் படிகளில் போட்டோம். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பின்னால் எவ்வளவு நிறம் சேர்த்தாலும் படம் தட்டையாகவே கிடக்கும். எங்கள் பட்டியில் 4, 5, 6 மூன்றும் ஒரே சாம்பலாக இருந்தன. மூன்றும் நண்பகலில், மர நிழலில் நடப்பவை. ஐந்தாவதை மாலைக்குத் தள்ளியதும், ஆறில் தொடங்கும் விரிசலுக்கு முன்னால் மூச்சு விட ஓர் இடம் கிடைத்தது.

பிறகுதான் நிறம். மஞ்சள் அம்மாவுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். முதல் காட்சியில் மாவிலைக் கரும்பச்சை முக்கால் பங்கு, செம்மண் கொஞ்சம், அவர் சேலையும் பழுத்த பெங்களூரா மாம்பழமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு மஞ்சள். லாரியில் பழம் ஏற்றும் காட்சிக்கு வரும்போது அதே மஞ்சள் கடுகு நிறமாக மங்கி, பரப்பும் பாதியாகிறது. ஏழில் சண்டை. 8, 9, 10 மூன்றிலும், அதாவது 200 விநாடிகள், மஞ்சளே கிடையாது. கல்சாம்பலும் நீலமும்தான்.

சேலைக்கு நேர் மஞ்சள் எடுக்கக் கூடாது. உச்சி வெயிலில் கேமராவில் சிவப்பும் பச்சையும் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். மடிப்பு தெரியாது, மஞ்சள் அட்டையை உடம்பில் சுற்றியதுபோல இருக்கும். டீத்தண்ணீரில் ஒருமுறை முக்கிக் காயவைத்தபிறகுதான் மடிப்பு தெரிந்தது. செம்மண்ணும் இதே அளவு படுத்தும். வெயில் மண்ணில் பட்டு, தாடைக்கு அடியில் ஆரஞ்சாக ஏறும். துக்கமான நீலக் காட்சியில் அம்மா முகம் மட்டும் கதகதப்பாக இருந்தால் பட்டி போட்டதற்கே அர்த்தமில்லை. கேமராவுக்குத் தெரியாத தரையில் கறுப்புத் துணி விரித்தோம், அந்தச் சூடு இறங்கியது.

இனி அந்த மூன்றரை சென்டிமீட்டருக்கு வருகிறேன். இயக்குநர் சொன்னபடி முதலில் கற்களுக்கு மஞ்சள்தான் போட்டிருந்தேன். கதை தெரியாத ஒருவரிடம் பட்டியைக் காட்டவேண்டும் என்று, எங்களுக்குச் சாப்பாடு கொடுத்த மெஸ் அக்காவிடம் நீட்டினேன். "இது ஒருத்தரோட மனசு. இடமிருந்து வலமா பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். விரலால் தடவிக்கொண்டே வந்தவர் எட்டாவது கட்டத்தில் நிறுத்தி, "இங்க ஏதோ போயிடுச்சு" என்றார். சரியான இடம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்து, "பரவாயில்ல, மறுபடி நல்லாயிட்டாங்க" என்றார்.

தோப்பு அழிந்த காட்சியை அவர் விடிவுகாலமாகப் படித்துவிட்டார். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறத்தை மூன்று நிமிடத்துக்கு மேல் பட்டினி போட்டால், திரும்பி வரும் சின்னத் துளிகூடக் கண்ணுக்கு விருந்தாகும். சுற்றிலும் நீலச்சாம்பல் இருந்தால் மஞ்சள் இன்னும் கூடித் தெரியும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவிட்டார். கறுப்பு நூல் சரியில்லை என்று வந்த புகாரைத் துருவி, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நூலில் இருக்கிறது என்று கண்டவர் அவர். ஆக மஞ்சள் திரும்பி வருகிறது என்பதை நிறத்தால் சொல்ல முடியும். பறித்துக்கொண்டவர்கள் கையில் அது இருக்கிறது என்பதை நிறத்தால் மட்டும் சொல்ல முடியாது. அன்று இப்படித்தான் எண்ணி வெள்ளைக்கு மாறினேன். நிபந்தனைப்படி அது சரி.

படம் முடிந்தபின் பட்டியோடு ஒப்பிட, விநாடிக்கு ஒரு ஃப்ரேமை எடுத்து 2 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வரிசையாக அடுக்கினோம்:

```
ffmpeg -i padam.mp4 -vf "fps=1,scale=2:200:flags=area,setsar=1,tile=720x1" -frames:v 1 patti.png
```

பச்சை வற்றி நீலம் ஏறுவது அழகாக வந்தது. ஆனால் சேலையின் மஞ்சள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. சராசரி எடுத்தால் பத்தில் ஒரு பங்கு நிறம் பச்சையில் கரைந்துவிடும். திரையில் முதலில் கண்ணை இழுப்பதோ அந்த ஒரு பங்குதான். இந்தச் சோதனையை வெளிச்சத்துக்கும் பெரும்பரப்புக்கும் நம்பலாம், துளி நிறத்துக்கு நம்பக் கூடாது.

அங்கேதான் சந்தேகம் வந்தது. மெஸ் அக்கா பார்த்ததும் ஒரு சுருக்கம்தானே? படம் பார்ப்பவருக்கு அந்தச் சேலையைத் தெரியும், பழத்தைத் தெரியும். அவர் மஞ்சள் கற்களைப் பார்த்ததும் முதல் நொடியில் மலர்ந்து, அடுத்த நொடியில் அது என்ன மஞ்சள் என்று புரிந்து குன்றியிருப்பார். அந்த இரண்டு நொடியைத்தான் இயக்குநர் கேட்டார் என்று இப்போது படுகிறது. அன்று அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, நிஜத்தில் அப்படித்தான் இருக்கும் என்றுதான் சொன்னார். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுபக்கம், நிறம் மட்டுமே போதும் என்று சேர்ந்து போட்ட நிபந்தனையை ஒரு காட்சிக்காக உடைத்தால் மற்ற பத்துக்கும் என்ன மதிப்பு என்றும் தோன்றுகிறது.

எடுத்த காட்சியின் நிறத்தைத் திருத்தும் கிரேடிங்கில் கற்களை மட்டும் பிரித்தெடுத்து மஞ்சளாக்கிப் பார்த்தேன். 11 மணி வெயிலில் சுண்ணாம்பு வெளுத்துப்போய், கல்லின் சொரசொரப்பு பதிவாகவே இல்லை. மேலே ஏற்றிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல நின்றது. ஒரு கல்லையாவது மஞ்சளடித்து, அதே வெயிலில் ஒரு ஷாட் எடுத்து வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.