சீசன் ஆட்களும் சிவப்புக் கூடையும்: ஒரு பேக்கிங் தளத்தின் நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

அடுத்த திங்கள்கிழமை 24 பேர் வருகிறார்கள். ஏஜென்சி மூலம், ஆறு வாரத்துக்கு. எங்கள் ஷிஃப்டில் நிரந்தரமாக இருக்கும் பேக்கர்கள் 16 பேர். அதாவது தளத்தில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் புதுமுகங்கள்.

மேலே இருப்பவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பயிற்சிக்கு எத்தனை நாள் வேண்டும்?" முழு வேலையையும் கற்றுக்கொடுப்பது என்றால் இரண்டு வாரம் வேண்டும், சீசனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் நான் வேலையை வெட்ட ஆரம்பித்தேன். எங்கள் பேக்கர் செய்கிற வேலையில் பல பொருள் கொண்ட ஆர்டர் உண்டு, உடையும் பொருள் உண்டு, திரவம் உண்டு, வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிக்கான சுங்கப் படிவம் உண்டு. இதெல்லாம் பழைய ஆட்களிடமே இருக்கட்டும். புதியவர்களுக்கு ஒற்றைப் பொருள் ஆர்டர் மட்டும். ஒரு கூடை, ஒரு பொருள், ஒரு பெட்டி, ஒரு லேபிள். சீசனில் குவிவதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆர்டர்களைப் பிரித்து எந்த மேசைக்கு எது போக வேண்டும் என்று கணினியிலேயே அமைக்க முடியும். இன்று அதைச் செய்து முடித்தோம். நாற்பது நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க முடிகிற அளவுக்கு வேலை சுருங்கியிருக்கிறது.

நவம்பர் 5, புதன்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940இல், அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை வேகமாகத் தயார் செய்ய ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் ஒரு வேலையைச் சொல்லித்தரும் முன் தாளில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்வார்கள்: என்ன படி, அந்தப் படியில் எது முக்கியம், ஏன். பழைய முறைதான், ஆனால் குறைந்த நேரத்தில் கற்றுத்தர இதைவிட நல்லதாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று எங்கள் தளத்தின் மூத்த பேக்கர் அக்காவின் பக்கத்தில் நின்று அவர் செய்வதை எழுதினேன். அவரிடம் கேட்டால், "எடுக்கிறேன், ஸ்கேன் பண்றேன், போடறேன், அவ்வளவுதான் தம்பி" என்கிறார். பார்த்தால் அவர் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. டேப்பை ஒட்டியதும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்க்கிறார். பொருளை ஸ்கேன் செய்த கையிலிருந்து கீழே வைக்காமல் நேராகப் பெட்டிக்குள் வைக்கிறார். பெட்டியை மூடிய பிறகுதான் லேபிளை எடுக்கிறார். கைதேர்ந்தவருக்குத் தான் செய்வது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நன்றாக வேலை செய்கிறவரை அப்படியே பயிற்சியாளராக நிறுத்திவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

கடைசியில் தாளில் ஆறு படி, மூன்று முக்கியக் குறிப்பு மட்டும் வைத்தேன். பத்துக் குறிப்பு கொடுத்தால் முதல் நாளில் எதுவும் தங்காது.

நவம்பர் 10, திங்கள்

வந்துவிட்டார்கள். முதல் அரைமணி பாதுகாப்பு. கன்வேயரின் அவசர நிறுத்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று காட்டி, ஒவ்வொருவரையும் ஒருமுறை இழுக்கவே வைத்தோம். ஃபோர்க்லிஃப்ட் போகும் மஞ்சள் பாதையில் கால் வைக்கக் கூடாது. கத்தியை உடம்புக்கு எதிர்ப்புறமாகத்தான் இழுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்தான் காயங்கள் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன; எங்கள் ஆட்களுக்கோ வேலையே ஒரு மாதம் சொச்சம்தான்.

பிறகு ஆறாறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பழைய ஆள். அந்த நான்கு பேரும் இன்று பேக்கிங் செய்ய மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன். எண்ணிக்கை குறையும், குறையட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் அவர்கள் பேக்கிங்கைத்தான் செய்வார்கள், புதியவர் பக்கத்தில் சும்மா நின்று பார்ப்பார்.

வரிசை இப்படி. பயிற்சியாளர் முதலில் படிகளைச் சொல்லியபடி ஒரு பெட்டி கட்டுவார். இரண்டாவது பெட்டியில் முக்கியக் குறிப்புகளையும், மூன்றாவதில் காரணங்களையும் சேர்த்துச் சொல்வார். அப்புறம் புதியவர் கட்ட வேண்டும்: முதலில் பேசாமல், பிறகு என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே. காரணத்தைச் சொல்ல முடியாதவருக்கு வேலை இன்னும் வரவில்லை என்று அர்த்தம், கை எவ்வளவு வேகமாகப் போனாலும்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு மட்டும் தடை போட்டிருக்கிறேன். எல்லாரும் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், "பார்கோடு படிக்கலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்கச் சொன்னேன். ஒரு பையன், "நம்பரைக் கையால அடிச்சிருவேன் சார்" என்றான். அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தானாம். இங்கே அது கூடாது. ஒத்த பெயரில் வேறு அளவு, வேறு நிறப் பொருள்கள் இருக்கின்றன, ஒரு இலக்கம் மாறினால் போச்சு. சந்தேகம் வந்தால் பொருளை மேசைக்குக் கீழே உள்ள சிவப்புக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்க்க வேண்டும். சிவப்புக் கூடையைக் காலி செய்வது எங்கள் வேலை. அவர்கள் எடுக்க வேண்டிய ஒரே முடிவு, "இது எனக்குச் சந்தேகமா, இல்லையா?" என்பதுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

ஒவ்வொருவரின் முதல் பத்துப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தோம். பத்தும் சரி என்றால் அடுத்து பத்துக்கு ஒன்று. அதிலும் ஒரு முழு நாள் தப்பில்லை என்றால் ஐம்பதுக்கு ஒன்று. இடையில் ஒரு தப்பு வந்தால் திரும்பவும் ஆரம்பக் கட்டம். எல்லாரையும் ஒரே அளவில் கண்காணிப்பது நியாயமாகத் தெரியலாம், ஆனால் அப்படிச் செய்தால் தேவையில்லாத இடத்தில் கண் போய், தேவையான இடத்தில் இருக்காது.

இரண்டு பேருக்கு டேப் சரியாக ஒட்டவில்லை. ஒருவர் மேசையின் உயரம் அவருக்கு அதிகம், அழுத்த முடியவில்லை. கால் வைக்க ஒரு பலகை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைய நாள் முழுக்க ஒரு புகாரிலேயே போனது. சொல்லப்போனால் இரண்டு புகார். ஒருவருக்கு இன்னொருவரின் பொருள், அந்த இன்னொருவருக்கு இவருடையது. ஜோடியாக வந்தால் லேபிள் மாறியிருக்கிறது என்றுதான் பொருள். ஸ்கேன் தப்பு ஜோடியாக வராது.

பதிவை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் புதன்கிழமை, 11ஆம் மேசை. ஒரு லேபிள் 10:42:05க்கு அச்சாகியிருக்கிறது, அடுத்தது 10:42:11க்கு. அந்த மேசையில் ஒரு பெட்டி கட்ட முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல் ஆகிறது. ஆறு விநாடி இடைவெளி என்றால் கையில் ஒரே நேரத்தில் இரண்டு லேபிள் இருந்திருக்கிறது. கன்வேயரில் எடை சரிபார்ப்பு உண்டே என்று கேட்கலாம். இரண்டு பொருளும் கிட்டத்தட்ட ஒரே எடை, அதனால் எடைக் கருவி இரண்டையும் விட்டுவிட்டது.

லேபிள் ஒட்டியது தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு பெண். அவரிடம் போகும் முன், பதினைந்து விநாடிக்குள் அடுத்தடுத்து அச்சான லேபிள்களை எல்லா மேசைக்கும் சேர்த்து வடிகட்டினேன். வந்தது 11, 12, 13 ஆகிய மூன்று மேசை மட்டும். மூன்றிலும் வெவ்வேறு ஆட்கள். அப்போதே தெரிந்துவிட்டது, ஆளைக் கேட்டுப் பயனில்லை. நேரில் போய்ப் பார்த்தால் அந்த மூன்று மேசைக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர், அதுவும் கடைசியில். ஒவ்வொரு லேபிளுக்கும் எட்டு அடி நடக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்றாகச் சேர்த்து அச்சிட்டு எடுத்துவருகிறார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், நானும்தான். "பெட்டியை மூடிய பிறகே லேபிள்" என்ற எங்கள் குறிப்பு அந்த மேசையில் நடக்கவே நடக்காது.

பயன்படுத்தாமல் கிடந்த இரண்டு பிரிண்டரைக் கொண்டுவந்து மேசைக்கு ஒன்றாக வைத்தோம். வண்டி ஏறாமல் இருந்த அந்த மூன்று மேசைப் பெட்டிகளையும் பிரித்தோம். நான்கு ஜோடி மாறியிருந்தது. அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது, "நீங்க லேபிளைக் கடைசியிலதான் எடுக்கச் சொன்னீங்க சார், ஆனா அங்க வரிசையில நிக்க வேண்டியிருந்துச்சு" என்றார். தெரிந்தும் சொல்லவில்லை. ஆறு வார ஆள், மேசையைக் குறை சொல்லி ஏன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பார். இனி ஷிஃப்ட் முடிவில் ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு எது இடைஞ்சலா இருந்துச்சு?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இடைஞ்சல் உண்டா இல்லையா என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

நவம்பர் 19, புதன்

நான்கு பேர் வரவில்லை. ஏஜென்சி வேறு நான்கு பேரை அனுப்பியது, ஷிஃப்ட் நடுவில். லைனில் இடம் காலியாக இருக்கிறதே என்று நேராக நிறுத்தச் சொல்லி அழுத்தம். மறுத்துவிட்டேன். இப்படி நடுவில் நுழைகிறவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள், பக்கத்து மேசையில் இருப்பவரே பத்து நாள் ஆள். நாற்பது நிமிடப் பயிற்சி, முதல் பத்துப் பெட்டி, எல்லாம் இவர்களுக்கும் உண்டு.

வேகத்தைப் பற்றியும் பேச்சு. மணிக்கு எத்தனை என்று பெரிய பலகையில் பெயரோடு போடலாமா என்றார்கள். புதியவர்களுக்கு வேண்டாம். பலகை வந்தால் முதலில் காணாமல் போவது சிவப்புக் கூடைதான்.

நவம்பர் 28, வெள்ளி

உச்ச நாள். காலையிலிருந்து நான் கணினி முன் உட்காரவில்லை, கூடைகளைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தேன். 6ஆம் மேசையில் மதியம் வரை சிவப்புக் கூடையில் ஒன்றுகூட இல்லை. மற்ற மேசைகளில் மூன்று, நான்கு இருந்தது. எல்லாரும் ஒரே சரக்கைத்தான் கட்டுகிறார்கள், படிக்காத பார்கோடு அவருக்கு மட்டும் வராமல் இருக்குமா? பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்கோடு கிழிந்த பொருள் வந்தால், அதே போன்ற இன்னொரு பொருளின் பார்கோடைத் தாளில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்கிறார். வேலை நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். தாளை வாங்கிக்கொண்டேன், ஏன் கூடாது என்று பொருள் இரண்டை அருகருகே வைத்துக் காட்டினேன். காலையில் அவர் கட்டியதில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தோம், ஒன்றில் அளவு மாறியிருந்தது.

சிவப்புக் கூடை நிரம்பினால் சரக்கில் பிரச்சினை. காலியாகவே இருந்தால் ஆள் ஊகித்து வேலை செய்கிறார்.

டிசம்பர் 19, வெள்ளி

கடைசி ஷிஃப்ட். ஸ்கேனர் ஐடிகளை மூடச் சொல்லிப் பட்டியல் கொடுத்தாயிற்று. அடுத்த சீசனுக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற தாளில் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், சந்தேகம் வந்தபோது யார் கூடையில் போட்டார், யார் வாய்திறந்து இடைஞ்சலைச் சொன்னார் என்றும் எழுதினேன். லேபிள் பெண்ணின் பெயர் மேலே இருக்கிறது. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதிகம் குறை சொன்னவர் அவர்தான்.

ஐந்து பேரை ஜனவரி வரை நீட்டிக்கிறோம், திரும்பி வரும் சரக்குக்கு. பேக்கிங் தெரியும் என்பதால் அங்கேயும் சமாளிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது வேறு வேலை: அங்கே ஒவ்வொரு பொருளையும் பார்த்து விற்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், இங்கே நாம் எடுக்கவே கூடாது என்று பழக்கிய அதே முடிவை. திங்கள் காலை புதுத் தாளோடு ஆரம்பம்.