‘பிறகு’ வேறு, ‘அதனால்’ வேறு: 1806-ஐ ஒரு காகிதப் பட்டையில் படித்த கதை

முதல்நிலைத் தேர்வு முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. என் பதிவெண் பட்டியலில் இருக்கிறது. சென்ற முறை இல்லை. அப்போது என்னைக் கவிழ்த்தது நவீன இந்திய வரலாறுதான், அதிலும் கூற்று-காரணம் கேள்விகள். வருடங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு நிகழ்வுகளைக் கொடுத்து ‘இது அதை விளக்குகிறதா?’ என்று கேட்டால் மட்டும் திணறிப்போவேன்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் நிகழ்வு, அவ்வளவுதான். அதை மனப்பாடம் செய்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் எல்லா நிகழ்வும் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன. 1799-க்கும் 1801-க்கும் நடுவில் ஒரு வரி. 1805-க்கும் 1806-க்கும் நடுவிலும் ஒரு வரி. கண் இதைத்தான் நம்புகிறது. மேலே இருப்பது கீழே இருப்பதற்குக் காரணம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

வகுப்பின் மாதிரித் தேர்வில் வந்த ஒரு கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. கூற்று: 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். காரணம்: திப்பு சுல்தானின் குடும்பத்தினர் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். இரண்டும் சரி, காரணம் கூற்றின் சரியான விளக்கமும் ஆகும் என்று குறித்தேன். விடைக் குறிப்போ, இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்றது. சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள் நான். மக்கான் சிக்னல் நினைவுத் தூணைக் கடக்காத நாள் கிடையாது. என் ஊர்க் கேள்வியிலேயே தவறு செய்தேன் என்பது பொறுக்கவில்லை.

என் மாமா சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வெட்டிய பிறகு நீளவாக்கில் மிஞ்சும் தாள் துண்டுகளை மூட்டையாகக் கட்டிப் பழைய காகிதக் கடைக்குப் போடுவார். அதிலிருந்து கை நிறைய அள்ளிவந்து ஒன்றோடொன்று ஒட்டினேன். அளவு இதுதான்: ஒரு மாதத்துக்கு 1 சென்டிமீட்டர். 1799 ஜனவரியில் தொடங்கி 1807 டிசம்பர் வரை 108 மாதங்கள், ஆகவே 108 சென்டிமீட்டர். நிகழ்வுகளை வரிசையாக எழுதவில்லை. ஸ்கேல் வைத்து அளந்து, அததற்குரிய இடத்தில் மட்டும் எழுதினேன்.

1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தது, ஏறத்தாழ 4-ஆவது சென்டிமீட்டரில் விழுந்தது. 1801 ஜூலை 31, ஆற்காட்டு நவாபின் கர்நாடக ஆட்சி கம்பெனியிடம் போன ஒப்பந்தம், 31-இல். 1805 நவம்பர், சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை, 83-ஐ ஒட்டி. 1806 மே மாதம், வேலூரில் அதை அணிய மறுத்த சிப்பாய்கள், 88 தாண்டி. ஜூலை 10 கிளர்ச்சி, 90 தாண்டி.

மேசையில் விரித்துப் போட்டிருந்ததை மாமா பார்த்தார். அச்சுக்காரர் கண்ணுக்கு வெற்றிடம்தான் முதலில் படும். “என்னம்மா இது, நடுவில் இவ்வளவு தாளை வெறுமையாக விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஓரத்தில் கொண்டுபோய் நெருக்கியிருக்கிறாய்?” என்றார். அவர் பக்க அமைப்பைக் குறை சொன்னார். எனக்கோ மாதிரித் தேர்வின் விடை புரிந்துவிட்டது.

திப்புவின் வீழ்ச்சிக்கும் தலைப்பாகை உத்தரவுக்கும் நடுவில் ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். உத்தரவுக்கும் கிளர்ச்சிக்கும் நடுவில் ஒரு விரல் நீளம். திப்புவின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் கோட்டைக்குள் இருந்திருக்கிறது, கிளர்ச்சி நடக்கவில்லை. ஆகவே அவர்கள் இருந்தது விறகு. நெருப்பு வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அந்த விரல் நீளத்துக்குள் தேடினால் கிடைக்கிறது: தோல் குஞ்சம் வைத்த, தொப்பி போன்ற தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்ற விதிகள். மே மாதம் மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி. இந்தத் தண்டனையை நான் சிவப்பு மையில் எழுதினேன். உத்தரவு கோபத்தைத்தான் உண்டாக்கியது. முறையிட்டால் கிடைப்பது கசையடி என்று சிப்பாய்களுக்குக் காட்டியது தண்டனை.

அதன்பிறகு எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே விதி வைத்துக்கொண்டேன். இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேல் ஒரு சொல் எழுதியே ஆக வேண்டும். ‘பிறகு’ என்றால் பென்சில். ‘அதனால்’ என்றால் சிவப்பு மை. ‘அதனால்’ எழுதும் முன் முதல் நிகழ்வை விரலால் மறைத்துக்கொண்டு, இது இல்லாவிட்டாலும் அடுத்தது அதே மாதத்தில் நடந்திருக்குமா என்று கேட்பேன். 1801 ஒப்பந்தத்தை மறைத்தேன். தலைப்பாகை அப்படியே வருகிறது, கசையடி அப்படியே விழுகிறது. எனவே பென்சில். அதற்கு முன் என் குறிப்பேட்டில் 1801-இலிருந்து 1806-க்குப் பெரிய அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன், அதற்கு எந்த ஆதாரமும் இல்லாமல்.

இன்னொன்றும் பட்டையில்தான் தெரிந்தது. மே மாதத்துக்கும் ஜூலை 10-க்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் காலியாக இருந்தது. சிவப்புக் கோட்டில் காலியிடம் இருந்தால் நாம் ஏதோ ஒரு கண்ணியை விட்டிருக்கிறோம் என்று பொருள். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். ஜூன் 17 கிடைத்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடக்கிறது என்று தன் அதிகாரி ஃபோர்ப்ஸிடம் சொல்லியிருக்கிறார். விசாரித்தபோது அவரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள், அடைத்தும் வைத்தார்கள். கிளர்ச்சி ஏன் வந்தது என்பதற்கு இது விடையல்ல. முன்கூட்டியே ஏன் தடுக்கப்படவில்லை என்பதற்கு விடை. இந்த இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஜூலை 10-க்கு மட்டும் தனிப் பட்டை போட்டேன். இதில் ஒரு மணி நேரத்துக்கு 2 சென்டிமீட்டர். விடியலுக்கு முன், சுமார் 3 மணிக்குச் சுடத் தொடங்குகிறார்கள். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் சத்தம் கேட்டு ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்புகிறார். ஆற்காடு 25 கிலோமீட்டர்தான். காலை 9 மணி அளவில் அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையின் முன்னணியோடு வந்து சேர்கிறார். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலை உடைக்கின்றன. மொத்தமும் 15 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கிளர்ச்சி ஏன் ஒரே நாளில் அடங்கியது என்று விரிவான விடை எழுதச் சொன்னால், மேஜர் வெளியே இருந்தது, ஆற்காடு அருகில் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் வாயிலைக் காக்காமல் கொள்ளையில் கலைந்தது என்று மணிக்கணக்கோடு எழுதலாம். ‘ஒற்றுமை இல்லை, தலைமை இல்லை’ என்று 1857-க்கு எழுதுவதையே இங்கும் நகல் எடுக்க வேண்டியதில்லை.

விளைவுப் பக்கத்திலும் அதே விதிதான். ஜூலை 17-ஆம் தேதியே தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சிவப்பு. திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, சிவப்பு. 1807-இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் க்ராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டது, சிவப்பு. இங்கே பட்டையை நிறுத்தாதீர்கள். ஓரத்தில் ‘பெண்டிங் மீண்டும் வருவார், 1828’ என்று எழுதி மடித்து வையுங்கள். சென்னை ஆளுநராக இருந்து அவமானப்பட்டுப் போன பெண்டிங்கும், தலைமை ஆளுநராக வந்து 1829-இல் உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடைசெய்த பெண்டிங்கும் ஒரே ஆள். ஒருவேளை இருவர்தானோ என்று சென்ற முறை தேர்வு அறையில் எனக்குச் சந்தேகம் வந்து ஐந்து நிமிடம் போயிற்று.

நான் கடைப்பிடித்தவை, அவசரமாக:

- ஒரு பட்டைக்கு ஒரு வெடிப்பு மட்டும். நூறு ஆண்டுகளை ஒரே பட்டையில் போட்டால் அளவு சுருங்கி இடைவெளி மறைந்துவிடும்.
- உத்தரவு வந்த நாளும் அது நடைமுறைக்கு வந்த நாளும் வேறானால் இரண்டையும் எழுதுங்கள்.
- ஒரு பட்டையில் பன்னிரண்டு நிகழ்வுக்கு மேல் வேண்டாம்.
- மறுபார்வையின்போது தேதிகளை மூடிவிட்டுக் கோட்டின் மேல் உள்ள சொல்லை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். சிவப்பு எது என்று தெரிந்தால் தேதி தானாக வரும். எனக்கு வந்தது.

1919-க்கும் இதையே செய்தேன், நாள் அளவில். ரௌலட் சட்டம் மார்ச்சில், கடையடைப்பு ஏப்ரல் 6, ஜாலியன்வாலாபாக் ஏப்ரல் 13. பட்டியல் இத்தோடு விட்டுவிடும். பட்டையில் 6-க்கும் 13-க்கும் நடுவில் வெற்றிடம் முறைத்துப் பார்க்கும். அங்கே உட்கார வேண்டியது ஏப்ரல் 10: அமிர்தசரஸின் தலைவர்கள் கிச்லுவும் சத்யபாலும் கைது செய்யப்பட்டது, அதைக் கண்டித்துச் சென்ற கூட்டத்தின்மீது அமிர்தசரஸில் துப்பாக்கிச் சூடு. அதை விட்டால் ஏன் அமிர்தசரஸ், ஏன் அந்த வாரம் என்பதற்கு விடையே கிடையாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1806 பட்டைக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. மொத்தம் 11 பட்டைதான் போட முடிந்தது. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இதில் இறங்காதீர்கள். காங்கிரஸ் மாநாடுகளின் தலைவர்கள், அவை நடந்த ஊர்கள் போன்றவற்றுக்கு இது எந்த வகையிலும் உதவாது. அவற்றைப் பழைய மாதிரி உருப்போடத்தான் வேண்டும். கூட்டாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒத்துவருமா என்று தெரியவில்லை. நான் தனியாக, தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலோடு படிக்கிற ஆள். என் தோழி ஒருத்தி இதே பட்டையைப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடப் பிள்ளை தோரணம் கட்டுவது போல இருக்கிறது, அக்கா” என்று சிரித்தாள். அவளும் தேறிவிட்டாள், பட்டியலை வைத்தே.

அந்தக் கேள்வியின் விடைக் குறிப்பில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. கிளர்ந்தவர்கள் திப்புவின் கொடியைக் கோட்டையில் ஏற்றினார்கள் என்பதும் உண்மைதானே. அதனால் அந்த 79 சென்டிமீட்டர் கோட்டின் மேல் பென்சிலால் ‘பிறகு’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்பில் ஒரு சிறிய கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். முதன்மைத் தேர்வில் இது வந்தால் அந்தக் கேள்விக்குறியை விரித்து ஒரு பத்தி எழுதுவதாக இருக்கிறேன். மாமாவிடம் இன்னொரு மூட்டைத் தாள் கேட்டிருக்கிறேன். ஆடி முடிந்து கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கட்டும், தருகிறேன் என்றிருக்கிறார்.