தீபாவளி விற்பனையைப் பயிற்சிக் கணக்கில் எழுதி மாட்டிக்கொண்டேன்

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் 24 சேல்ஸ்மேன்களுக்கு செப்டம்பரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா என்று படிப்படியாகப் பார்க்கும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளில் அதை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் நிலை சுலபம். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.6 வந்தது. இரண்டாம் நிலையில் தேர்வு வைத்தேன், சராசரி 20க்கு 17. அடுத்த பேட்சுக்கு அதே தாளைப் பயிற்சிக்கு முன்பே கொடுத்தபோதுதான் உறைத்தது. வகுப்பில் உட்காராமலே அவர்கள் 14 எடுத்தார்கள். தயவுசெய்து முன்தேர்வை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் நிலையில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஆர்டர் எடுக்கும் முன் கடையின் அலமாரியைப் பார்க்க வேண்டும், இல்லாத சரக்கைச் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது இதுதான். ஒரு மாதம் கழித்து ஏரியா மேனேஜர்கள் கூடவே போய்ப் பார்த்து டிக் அடித்துத் தரவேண்டிய படிவங்கள், எல்லாக் கட்டத்திலும் டிக்கோடு வந்தன. அதில் சிலவற்றின் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்களுக்கு பீட்டே, அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் சுற்றே, கிடையாது!

மறுநாள் நானே ஒரு பையனோடு பீட்டுக்குப் போனேன். ஆறு கடையிலும் வாசலில் நின்றே, "என்ன வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பினான். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு 45 கடை சார். அலமாரி பார்க்கக் கடைக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது" என்றான். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் கூடுதல். அவனுக்குப் பாடம் தெரியும், செய்யத்தான் நேரமில்லை. மன்றாடி ஒரு ஏரியாவில் மட்டும் 35 கடையாகக் குறைக்க வைத்தேன்.

நான்காம் நிலையில், போன தீபாவளியைவிட விற்பனை 18 சதவீதம் கூடியதாக எழுதிக் கொடுத்தேன். ஃபைனான்ஸ் மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "பயிற்சிக்குப் போகாதவங்களுக்கு எவ்வளவு?" பார்த்துச் சொன்னேன், 16. அந்த அறையில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மொத்த விற்பனையை விட்டுவிட்டு, ஒரு பில்லில் எத்தனை வகைச் சரக்கு போகிறது என்று ஆர்டர் ஆப்பிலிருந்து எடுத்தேன். நல்லவேளை, பழைய பில்களும் அதில் இருந்தன. பயிற்சிக்கு முன் எல்லா ஏரியாவிலும் மூன்று. இப்போது, போகாதவர்களிடம் மூன்று. போய்வந்தும் 45 கடையே ஓடுகிறவர்களிடமும் மூன்றுதான். 35 கடை ஏரியாவில் மட்டும் நான்கு. இதைக் காட்டியபோதுதான் மேடம் தலையாட்டினார்.

ஆனாலும் அது பயிற்சியால் வந்ததா, கடை குறைந்ததால் மட்டும் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் பயிற்சிக்கே போகாத ஓர் ஏரியாவிலும் தை முதல் 35 கடையாகக் குறைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.