விசுவமடுவுக்கு நாலு நாள் பிந்தி வந்த பெட்டி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட் நின்றுவிட்டது. என்னோடு வந்த சனமெல்லாம் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு ஒரு பெட்டிதான் வந்திருந்தது. லண்டனில் இரண்டு போட்டேன். வளைகுடாவில் விமானம் மாற எழுபது நிமிடம்தான் இருந்தது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன், பெட்டி ஏறவில்லை.

வெளியே சித்தப்பா வானோடு நிற்கிறார். போன் அடித்தால், "வெளியில வா பிள்ளை, நாளைக்கு போன் பண்ணிக் கேப்பம்" என்கிறார். அவருக்கு விசுவமடு வரைக்கும் இரவோடிரவாக ஓட வேண்டிய அவசரம். ஆனால் அந்த மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டால் பெட்டி வரவில்லை என்று நிறுவுவது பெரும்பாடாகிவிடும். கொழும்பில் இருப்பவர் என்றால் மறுநாள் திரும்பி வரலாம். வன்னியிலிருந்து வருவதென்றால் போக வர ஒரு முழு நாளும் வான் காசும் போய்விடும். அதனால் சுங்கத்தைத் தாண்டும் முன்னரே, பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த பயணப்பொதி விசாரணைக் கவுண்டருக்குப் போனேன்.

அங்கே எழுதித் தருவதுதான் பி.ஐ.ஆர் எனப்படும் முறைகேட்டு அறிக்கை. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த பெட்டித் துண்டைக் கேட்டார்கள். அதில் உள்ள பத்து இலக்கம்தான் பெட்டியின் அடையாளம், அந்தத் துண்டைத் தொலைக்கவே கூடாது. பெட்டியின் நிறம், சக்கரம் எத்தனை, உள்ளே மேலாக என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். சுங்கத்தினர் திறந்து பார்க்க வேண்டி வரலாம் என்று எண் பூட்டின் இலக்கத்தையும் எழுதச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கோப்பு எண் தந்தார்கள். CMB என்று தொடங்கும், அடுத்து விமான நிறுவனத்தின் இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம். அந்த எண்ணையும் குடும்பப் பெயரையும் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

முகவரியில்தான் சிக்கினேன். எங்கள் ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை, வீட்டுக்கு இலக்கமும் இல்லை. 'பரந்தன்–முல்லைத்தீவு வீதி, விசுவமடு' என்று எழுதி, வீதியிலிருந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் எழுதினேன். என் லண்டன் நம்பரை எழுதவில்லை. இங்கே எப்போதும் எடுக்கக்கூடிய சித்தப்பாவின் நம்பரை எழுதினேன். இதில் கவனம் தேவை. கொண்டுவருகிற பொடியன் பரந்தனில் நின்று அழைக்கும்போது யாரும் எடுக்காவிட்டால் பெட்டி திரும்பிப் போய்விடும்.

வந்தது வெள்ளிக்கிழமை. திங்கள் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கல். என் உடுப்பெல்லாம் வராத பெட்டிக்குள். வந்த பெட்டி நிறைய மற்றவர்களுக்கு வாங்கிய சாமான். இரண்டு பெட்டியிலும் பாதி பாதியாக வைத்திருந்தால் இந்தக் கரைச்சல் இருந்திருக்காது. நல்லவேளை, அம்மாவின் பிரஷர் குளிசை கைப்பையில் இருந்தது. மருந்து, நகை, கடவுச்சீட்டு, காசு எதையும் கீழே போடும் பெட்டியில் வைக்காதீர்கள். நகையையும் காசையும் பெட்டியில் வைத்துத் தொலைத்தால் பொறுப்பில்லை என்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

பெட்டி பிந்தினால், அதுவரைக்கும் அவசியமாக வாங்கியதற்கான செலவை விமான நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும். சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போய் இரண்டு சட்டை 7,800 ரூபாய்க்கும், நைட்டி 2,200க்கும், உள்ளுடுப்பு 3,150க்கும், கோயிலுக்கு ஒரு சேலை 6,500க்கும் வாங்கினேன். கடைக்காரர் சின்னத் தாளில் கூட்டிக் காட்டினார். "அண்ணை, கடைப் பேர், திகதி, சாமான் பேர் எல்லாம் எழுதி முத்திரை குத்தித் தாங்கோ" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் புத்தகத்தை எடுத்து எழுதித் தந்தார். விசுவமடுச் சந்தையில் வாங்கிய 1,900 ரூபாய்ச் செருப்புக்குச் சீட்டு வாங்கவில்லை. பிறகு 19,650 ரூபாய் தந்தார்கள், செருப்புக் காசு தரவில்லை. சேலை ஏன் அவசியம் என்று கேட்டபோது பொங்கல் திகதியை எழுதி விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

செவ்வாய் மத்தியானம் பெட்டி வந்தது. ஒரு சக்கரம் அடியோடு பிடுங்கி, மூலை பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைத் துவாய் அந்தப் பிளவால் எட்டிப் பார்த்தது. பொடியன் கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். அம்மா, "வந்ததே பெரிய காரியம், வை பிள்ளை" என்றா. நான் 'சக்கரமும் மூலையும் உடைந்த நிலையில் பெற்றேன்' என்று எழுதித்தான் கையெழுத்து வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், பெட்டி நல்ல நிலையில் வந்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். திறக்கும் முன்னரே துண்டு ஒட்டிய கைபிடி, பிளவு, சக்கரம் இருந்த ஓட்டை மூன்றையும் படம் எடுத்தேன்.

சர்வதேச விமானப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைதான் பெரும்பாலும் அடிப்படை. அதன்படி உடைந்த பெட்டிக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தியதற்கு, பெட்டி கிடைத்த நாளிலிருந்து 21 நாள். விமான நிலையத்தில் எழுதிய அறிக்கையே போதும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது பெட்டியைத் தேடுவதற்கு. காசு கேட்பதற்குத் தனியாக எழுத வேண்டும். நான் வியாழக்கிழமையே இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் பெட்டி வராவிட்டால், அதைத் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம்.

நட்டஈட்டின் உச்சவரம்பு, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகான எஸ்.டி.ஆரில் ஒருவருக்கு 1,519, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். 2024 டிசம்பர் கடைசியில்தான் இந்தத் தொகைக்கு உயர்த்தினார்கள். அவ்வளவும் தருவார்கள் என்று எண்ண வேண்டாம், நட்டத்தைக் காட்டினால் காட்டிய அளவுக்குத்தான். என் பெட்டி மூன்று வருடத்துக்கு முன் 85 பவுணுக்கு வாங்கியது. பழசு என்று கழித்து 40 பவுண் தந்தார்கள். கீறல், நசுக்கல் போன்ற தேய்மானத்துக்குத் தர மறுப்பார்கள். சக்கரம் பிடுங்கியது தேய்மானம் இல்லை என்று படத்தோடு எழுதியதால்தான் இதுவும் கிடைத்தது.

திரும்பும்போது அம்மா ஒடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் என்று அடுக்கத் தொடங்கிவிட்டா. என் டிக்கெட்டில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. "மொத்தம் நாற்பத்தாறுதானே, ஒண்டில கூடினா என்ன?" என்றார் சித்தப்பா. இப்படியான டிக்கெட்டில் அது செல்லாது. ஒன்று 26, மற்றது 20 என்றாலும் 26க்குக் கூடுதல் காசு கேட்பார்கள். 32 கிலோவைத் தாண்டிய பெட்டியைப் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள். 'மொத்தம் 30 கிலோ' என்று எழுதிய டிக்கெட் வேறு, அதில் கூட்டிப் பார்ப்பார்கள். உண்மையிலேயே கூடுகிறது என்றால் வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டிவிடுங்கள், கவுண்டரில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

நெல்லு நிறுக்கும் தராசைச் சித்தப்பா முற்றத்துக்கு இழுத்து வந்தார். ஒன்று 24.6, மற்றது 20.9. பனங்கட்டிக் குட்டான்களில் இரண்டு கிலோவை எடுத்து மற்றதுக்குள் வைத்தோம். 22.6, 22.9. தராசு கொஞ்சம் கூடக் குறையக் காட்டலாம் என்று, இரண்டிலும் அரைக் கிலோ மிளகாய்த்தூளை அம்மா மனமில்லாமல் வெளியே எடுத்தா. இந்த முறை உடுப்பைப் பாதி பாதியாக வைத்தேன். மூடும் முன் இரண்டு பெட்டியையும் உள்ளும் புறமும் படம் எடுத்தேன்.